உலோகத்தை இடிடிஏ பிடிக்க எவ்வளவு பிஎச் வேண்டும்?

குடிநீரின் கடினத்தன்மையை அளக்கும் ஆய்வகங்களில் பியூரெட்டில் நிரப்பப்படும் கரைசல் பெரும்பாலும் இடிடிஏ என்ற கரிமச் சேர்மத்தின் இருசோடிய உப்புதான். எத்திலீன் டைஅமீன் டெட்ரா அசெட்டிக் அமிலம் என்பது அதன் முழுப்பெயர். 1930-களின் நடுவில் ஜெர்மன் வேதியியலாளர் ஃபெர்டினாண்ட் மூன்ஸ் இதைத் தயாரித்தார். துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரிலுள்ள கால்சியம் தொல்லை தராமல் கட்டிப்போட ஒரு பொருள் தேவைப்பட்டது. அதற்காக உருவானது இது. உலோக அயனிகளின் அளவைத் துல்லியமாகக் கண்டறியவும் இதைப் பயன்படுத்தலாம் என்பதை 1940-களில் சூரிச் நகரில் கெரால்ட் ஸ்வார்சன்பாக்கும் அவருடைய குழுவினரும் நிலைநாட்டினார்கள்.

இடிடிஏ மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் நான்கு கார்பாக்சில் தொகுதிகளும் உள்ளன. இந்த ஆறு இடங்களிலிருந்தும் அது ஓர் உலோக அயனியைச் சுற்றி வளைத்துப் பிடிக்க முடியும். அயனி சிறியதோ பெரியதோ, மின்சுமை இரண்டோ மூன்றோ, ஓர் அயனிக்கு ஒரு இடிடிஏ என்பதே கணக்கு. தரம்பார்த்தலுக்கு இது பெரிய வசதி. செலவான இடிடிஏயின் மோல் எண்ணிக்கை தெரிந்தால், உலோகத்தின் மோல் எண்ணிக்கையும் தெரிந்துவிடும்.

இந்தப் பிடி எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்வது உருவாதல் மாறிலி. எல்லா புரோட்டான்களையும் இழந்து நான்கு எதிர்மின்சுமையுடன் நிற்கும் இடிடிஏ அயனியை Y⁴⁻ என்று குறிப்பது வழக்கம். இரண்டு நேர்மின்சுமை கொண்ட உலோக அயனி M²⁺ அதனுடன் சேர்ந்தால் மாறிலி இப்படி அமையும்:

K = [MY²⁻] ÷ ([M²⁺] × [Y⁴⁻])

இதன் மதிப்பு மிகப் பெரியதாக இருப்பதால் 10-இன் அடுக்காக எழுதுகிறார்கள். மக்னீசியத்துக்கு 10^8.79, கால்சியத்துக்கு 10^10.65, துத்தநாகத்துக்கு 10^16.5, மூன்று நேர்மின்சுமை கொண்ட ஃபெரிக் இரும்புக்கு 10^25.1. பாடநூல்களின் பின்னிணைப்பில் உள்ள இந்த எண்களைப் பார்த்தால், எந்த நிலையிலும் இந்த உலோகங்களை இடிடிஏ விடாது என்று தோன்றும். ஆனால் பிஎச் 6-இல் மக்னீசியத்தைத் தரம்பார்க்க முயன்றால் முடிவு தவறிப்போகிறது. பிஎச் 10-இல் சரியாக வருகிறது. மாறிலியின் மதிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாறுவது இடிடிஏயின் நிலை.

புரோட்டானின் போட்டி

உலோக அயனி வந்து சேரும் அதே இடங்களில் ஹைட்ரஜன் அயனியும், அதாவது புரோட்டானும், வந்து சேரும். அமிலத்தன்மை மிகுந்த கரைசலில் இடிடிஏயின் ஆறு இடங்களிலும் புரோட்டான்கள் அமர்ந்திருக்கும். பிஎச் உயர உயர அவை ஒவ்வொன்றாக விலகும். முதல் நான்கு புரோட்டான்கள் எளிதில் போய்விடுகின்றன. அவற்றின் pKa மதிப்புகள் 0-க்கும் 2.7-க்கும் இடையில் உள்ளன. கடைசி இரண்டும் நைட்ரஜன் அணுக்களில் இறுகப் பிடித்திருப்பவை. ஐந்தாவதன் pKa 6.13, ஆறாவதன் pKa 10.37.

இந்தக் கடைசி எண்தான் பல சிக்கல்களுக்கு மூலம். ஒரு புரோட்டானின் pKa எதுவோ, அந்த பிஎச்-இல் பாதி மூலக்கூறுகள் அதை வைத்திருக்கும், மறுபாதி இழந்திருக்கும். ஆகவே பிஎச் 10.37-இல்கூட, உலோகத்துடன் சேராமல் கரைசலில் இருக்கும் இடிடிஏயில் பாதிதான் Y⁴⁻ நிலையில் உள்ளது. மீதிப் பாதியில் ஒரு புரோட்டான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உலோகத்துடன் சேராத மொத்த இடிடிஏயில் Y⁴⁻ எவ்வளவு பங்கு என்பதை α என்ற எழுத்தால் குறிக்கிறார்கள். பிஎச் 10-இல் அதைக் கணக்கிடுவது எளிது. அங்கே புரோட்டான் இல்லாத நிலையும் ஒரே ஒரு புரோட்டான் உள்ள நிலையும் மட்டும்தான் கணிசமாக இருக்கும். ஒரு புரோட்டான் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதம் 10^(10.37 − 10), அதாவது சுமார் 2.34. ஒரு Y⁴⁻-க்கு 2.34 புரோட்டான் ஏறியவை என்றால் மொத்தம் 3.34; அதில் Y⁴⁻-இன் பங்கு 1 ÷ 3.34 = 0.30. நூற்றுக்கு முப்பது.

பிஎச் இறங்கினால் இந்தப் பங்கு வேகமாகச் சரிகிறது. பிஎச் 8-இல் 0.0042, அதாவது ஆயிரத்துக்கு நான்கு. பிஎச் 6-இல் 1.8 × 10⁻⁵, லட்சத்துக்கு ஏறத்தாழ இரண்டு. பிஎச் 4-இல் 3 × 10⁻⁹. பிஎச் 1-இல் 1.4 × 10⁻¹⁸. பிஎச் 6-க்குக் கீழே சரிவு இன்னும் கடுமையாகக் காரணம், ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று புரோட்டான்கள் சேர்ந்து இடத்தைப் பிடிப்பதுதான்.

நிபந்தனை உருவாதல் மாறிலி

ஆய்வகத்தில் நிற்பவருக்கு Y⁴⁻ எவ்வளவு என்பது நேரடியாகத் தெரியாது. பியூரெட்டிலிருந்து எவ்வளவு இடிடிஏ இறங்கியது என்பதே தெரியும். எனவே மாறிலியை அவருக்குத் தெரிந்த அளவைக் கொண்டு எழுதினால்தான் பயன்படும். Y⁴⁻ இருக்கும் இடத்தில் α × (உலோகத்துடன் சேராத மொத்த இடிடிஏ) என்று எழுதி, α-வை மறுபக்கம் கொண்டுபோனால் புதிய மாறிலி ஒன்று கிடைக்கிறது:

K′ = α × K

இதுவே நிபந்தனை உருவாதல் மாறிலி. குறிப்பிட்ட ஒரு பிஎச்-இல், அந்த நிபந்தனைக்கு உட்பட்டு மட்டும், இது மாறாமல் இருக்கும். பிஎச்-ஐ மாற்றினால் K′ மாறும், K மாறாது. மடக்கையில் எழுதினால் இன்னும் எளிது: log K′ = log K + log α. α எப்போதும் ஒன்றுக்குக் குறைவு என்பதால் log α எதிர்க்குறி எண்ணாக இருக்கும். அமிலத்தன்மை எவ்வளவு வலிமையைக் கழித்துவிடுகிறது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. பிஎச் 10-இல் கழிவு 0.52, பிஎச் 8-இல் 2.38, பிஎச் 6-இல் 4.74. இந்தக் கழிவு எல்லா உலோகங்களுக்கும் ஒன்றே. ஏனென்றால் அது இடிடிஏயின் தன்மையிலிருந்து வருவது. பின்லாந்தின் ஆண்டர்ஸ் ரிங்போம் இந்த அணுகுமுறையை முறைப்படுத்தி, 1963-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கினார்.

இங்கே பலருக்கும் ஏற்படும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. பிஎச் 10-இல் α 0.30 என்றால், ஊற்றும் இடிடிஏயில் முப்பது விழுக்காடு மட்டுமே வினைபுரிகிறது என்று பொருளல்ல. இருக்கும் Y⁴⁻ உலோகத்துடன் சேர்ந்ததும், புரோட்டான் ஏறிய மூலக்கூறுகள் தங்கள் புரோட்டானை விட்டுவிட்டு அந்த இடத்தை நிரப்புகின்றன. இப்படித் தொடர்ந்து ஏறத்தாழ எல்லா இடிடிஏயும் உலோகத்தைச் சேர்ந்துவிடும். α காட்டுவது, புரோட்டானை விலக்குவதற்கு உலோகம் எவ்வளவு வலிமையைச் செலவிட வேண்டும் என்பதைத்தான். மாறிலி பெரிதாக உள்ள உலோகத்துக்கு அந்தச் செலவு பொருட்டில்லை. மக்னீசியம் போன்று குறைந்த மாறிலி உள்ளதற்கு அது பெரும் சுமை.

எவ்வளவு இருந்தால் போதும்?

தரம்பார்த்தல் நம்பகமாக அமைய ஒரு நிபந்தனை உண்டு. உலோகத்துக்குச் சரிசமமான இடிடிஏயை ஊற்றிய கணத்தில், அதாவது சமானப் புள்ளியில், ஏறத்தாழ எல்லா உலோகமும் பிடிபட்டிருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் தப்பி நிற்கக் கூடாது என்பது வழக்கமான அளவுகோல்.

அந்தப் புள்ளியில் அணைவுச் சேர்மத்தின் செறிவு 0.01 மோலார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினால் தனித்து நிற்கும் உலோகம் 10⁻⁵ மோலார். இரண்டும் சரிசமமாக ஊற்றப்பட்டிருப்பதால் தனித்து நிற்கும் இடிடிஏயும் அதே 10⁻⁵ மோலார். ஆகவே தேவைப்படும் K′ = 0.01 ÷ (10⁻⁵ × 10⁻⁵) = 10⁸. log K′ குறைந்தது 8 இருக்க வேண்டும் என்ற விதி இப்படித்தான் வருகிறது. கரைசல் பத்து மடங்கு நீர்த்திருந்தால் அதே துல்லியத்துக்கு 9 தேவைப்படும். ஆகவே 8 என்பது 0.01 மோலார் அளவுக்கான எல்லைதான். எல்லாக் கரைசலுக்கும் பொருந்தும் எண் அல்ல.

இனி ஒவ்வோர் உலோகத்துக்கும் குறைந்தபட்ச பிஎச்-ஐக் கண்டுபிடிப்பது கழித்தல் கணக்குதான். கால்சியத்துக்கு log K 10.65, எட்டு போக 2.65 வரை இழக்கலாம். கழிவு 2.65 ஆக இருக்கும் பிஎச் ஏறத்தாழ 7.7. மக்னீசியத்திடம் 8.79 மட்டுமே உள்ளது, 0.79 இழந்தாலே எல்லை வந்துவிடும். அது பிஎச் 9.7-இல் நிகழ்கிறது. துத்தநாகம் 8.5 வரை இழக்கலாம்; பிஎச் 4 போதும். ஃபெரிக் இரும்பு 17.1 வரை இழந்தாலும் தாங்கும், பிஎச் 1.2 அளவில் உள்ள கடும் அமிலக் கரைசலிலும் அதைத் தரம்பார்க்கலாம்.

மக்னீசியம்: மூன்று பிஎச்-களில் ஒரே சோதனை

எல்லைக்கு மேலும் கீழும் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மக்னீசியத்தைக் கொண்டு பார்க்கலாம். சமானப் புள்ளியில் மொத்த மக்னீசியம் 0.01 மோலார் என்றே கொள்வோம்.

பிஎச் 10-இல் K′ = 0.30 × 6.2 × 10⁸, அதாவது ஏறத்தாழ 1.85 × 10⁸. தனித்து நிற்கும் மக்னீசியம் 0.01-ஐ இந்த எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது: 7.3 × 10⁻⁶ மோலார். மொத்தத்தில் 0.07 விழுக்காடு. விதி நிறைவேறிவிட்டது.

பிஎச் 8-இல் K′ 2.6 × 10⁶ ஆகக் குறைகிறது. தப்பி நிற்பது 6.2 × 10⁻⁵ மோலார், 0.6 விழுக்காடு. பிஎச் 6-இல் K′ வெறும் 11,000. அங்கே ஏறத்தாழ 9 விழுக்காடு மக்னீசியம் பிடிபடாமலே கரைசலில் நிற்கிறது.

பிஎச் 8-இல் 0.6 விழுக்காடுதானே என்று விட்டுவிட முடியாது. தரம்பார்த்தல் என்பது முடிவுநிலையைக் கண்ணால் கண்டு நிறுத்தும் வேலை. நிறம் சட்டென்று மாற வேண்டுமானால், சமானப் புள்ளியை ஒட்டிய ஓரிரு துளிகளில் தனி உலோகத்தின் செறிவு வெகுவாக விழ வேண்டும். 50 மில்லிலிட்டர் இடிடிஏ செலவாகும் ஒரு சோதனையில், சமானப் புள்ளிக்கு ஒரு துளி முன்னும் ஒரு துளி பின்னும், அதாவது மொத்தம் 0.1 மில்லிலிட்டர் இடைவெளியை எடுத்துக்கொள்ளலாம். கால்சியத்தை பிஎச் 10-இல் தரம்பார்த்தால் அந்த இரண்டு துளிகளுக்குள் தனி கால்சியத்தின் செறிவு நூறு மடங்குக்கு மேல் விழுகிறது. மக்னீசியம் அதே பிஎச்-இல் மூன்றரை மடங்கு விழுகிறது; நிறமாற்றத்தைக் காண இது போதும், ஆனால் தாராளமாக அல்ல. மக்னீசியத்தை பிஎச் 8-இல் தரம்பார்த்தால் செறிவு 15 விழுக்காடுதான் குறைகிறது. எந்தத் துளியில் முடிவு வந்தது என்று சொல்ல வழியே இல்லை. நிறம் பல துளிகளுக்குச் சிறிது சிறிதாக மங்கிக்கொண்டே போகும்.

தாங்கல் கரைசல் ஏன்?

தொடக்கத்தில் ஒருமுறை பிஎச்-ஐ 10-க்கு உயர்த்தி வைத்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. பியூரெட்டில் இருப்பது இடிடிஏயின் இருசோடிய உப்பு; அதில் இன்னும் இரண்டு புரோட்டான்கள் உள்ளன. உலோகம் வந்து சேரும்போது அவை இரண்டும் வெளியேறுகின்றன:

Mg²⁺ + H₂Y²⁻ → MgY²⁻ + 2H⁺

அதாவது தரம்பார்த்தல் தன்னைத் தடுக்கும் அமிலத்தைத் தானே உண்டாக்குகிறது.

ஒரு நீர் மாதிரியைக் கொண்டு இதன் அளவைப் பார்க்கலாம். 50 மில்லிலிட்டர் நீருக்கு 0.01 மோலார் இடிடிஏ 15.0 மில்லிலிட்டர் செலவானது என்று கொள்வோம். இந்த இடிடிஏயின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஆக 50 மில்லிலிட்டரில் 15 மில்லிகிராம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை. இந்தியக் குடிநீர்த் தரநிலையான IS 10500 ஏற்கும் விரும்பத்தக்க அளவு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. இந்த மாதிரி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

செலவான இடிடிஏ 0.15 மில்லிமோல். வெளியான புரோட்டான் 0.30 மில்லிமோல். உறிஞ்ச எதுவும் இல்லாவிட்டால் 65 மில்லிலிட்டர் கரைசலின் பிஎச்-ஐ 2.3 வரை இறக்க அது போதும். உண்மையில் அவ்வளவு தூரம் போகாது. அதற்கு முன்பே கால்சியமும் மக்னீசியமும் இடிடிஏயுடன் சேர்வது நின்றுபோகும்.

இதற்காகச் சேர்ப்பதுதான் அம்மோனியா - அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல். 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடை 142 மில்லிலிட்டர் அடர் அம்மோனியாவில் கரைத்து, 250 மில்லிலிட்டராக்கினால் அதன் பிஎச் 10 அளவில் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் தாங்கலில் ஏறத்தாழ 8.4 மில்லிமோல் அம்மோனியாவும் 1.3 மில்லிமோல் அம்மோனியம் அயனியும் உள்ளன. வெளியாகும் 0.30 மில்லிமோல் புரோட்டானை அம்மோனியா வாங்கிக்கொண்டால் அளவுகள் 8.1 ஆகவும் 1.6 ஆகவும் மாறும், பிஎச் 0.1 அளவுதான் இறங்கும்.

தாங்கல் கரைசல் தவறும் இடங்களும் உண்டு. குப்பி அடிக்கடி திறக்கப்பட்டாலோ மூடி தளர்ந்திருந்தாலோ அம்மோனியா ஆவியாகிப் போகும். மீந்திருக்கும் கரைசல் பிஎச்-ஐ 10-க்கு உயர்த்தாது. நீர் மாதிரி கெடாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால், வழக்கமான ஒரு மில்லிலிட்டர் தாங்கலை அந்த அமிலமே தின்றுவிடும். அப்படிப்பட்ட மாதிரியை முதலில் காரம் சேர்த்து நடுநிலையாக்கிவிட்டு, அதன்பிறகு தாங்கலைச் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பிஎச் தாளில் ஒரு துளி வைத்துப் பார்ப்பது எளிய வழி.

நிறங்காட்டிக்கும் பிஎச் வேண்டும்

எரியோக்ரோம் பிளாக்-டி என்ற நிறங்காட்டியை 1948-இல் ஸ்வார்சன்பாக்கும் பீடர்மானும் இந்தத் தரம்பார்த்தலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அது மக்னீசியத்துடன் சேர்ந்தால் திராட்சைச் சாற்றின் சிவப்பு. தனித்து நின்றால் நீலம். இடிடிஏ எல்லா மக்னீசியத்தையும் பிடித்த பின், நிறங்காட்டியிடம் உள்ளதையும் பறித்துக்கொள்ளும்போது சிவப்பு மறைந்து தூய நீலம் தோன்றுகிறது.

ஆனால் தனி நிறங்காட்டி நீலமாக இருப்பது ஏறத்தாழ பிஎச் 7-க்கும் 11-க்கும் இடையில் மட்டும்தான். பிஎச் 6-க்குக் கீழே அதுவும் ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டு சிவப்பாகிவிடுகிறது. அங்கே எவ்வளவு இடிடிஏ ஊற்றினாலும் நீலம் வராது. தாங்கல் சேர்க்க மறந்துவிட்டால் இதுதான் முதலில் தெரியும் அடையாளம்.

பிஎச் 8 போன்ற இடைநிலையில் தவறு இன்னும் நுட்பமானது. நிறங்காட்டி உலோகத்தைப் பிடிப்பதற்கும் ஒரு நிபந்தனை மாறிலி உண்டு. அதுவும் பிஎச்-ஐப் பொறுத்தே அமையும். பிஎச் 10-இல் மக்னீசியத்தின் செறிவு 10^−5.4 மோலாருக்கு இறங்கும்போது நிறம் மாறுகிறது. சமானப் புள்ளியில் இருக்கும் 10^−5.1 மோலாருக்கு இது அருகில் உள்ளது. ஆகவே முடிவு பொருந்துகிறது. பிஎச் 8-இல் நிறங்காட்டியின் பிடி நூறில் ஒரு பங்காகத் தளர்ந்துவிடுவதால், மக்னீசியம் 10^−3.4 மோலாரில் இருக்கும்போதே நிறம் மாறத் தொடங்கிவிடும். அப்போது நூற்றுக்கு நான்கு பங்கு மக்னீசியம் இன்னும் பிடிபடாமல் இருக்கிறது. நீலம் வந்துவிட்டதே என்று நிறுத்தினால் விடை நான்கு விழுக்காடு குறைவாக வரும். நிறமாற்றம் மந்தமாக, ஊதா நிறத்தில் நெடுநேரம் தங்குவதே இதைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி.

மேல் எல்லை

பிஎச் ஏற ஏற K′ வலுக்கிறது என்றால், 12-க்கோ 13-க்கோ உயர்த்திவிடலாமே? அங்கே உலோகத்தின் பக்கத்தில் வேறொரு போட்டி தொடங்குகிறது. கரைசலில் பெருகும் ஹைட்ராக்சைடு அயனிகள் உலோகத்தைப் பிடித்து வீழ்படிவாக்குகின்றன. மக்னீசியத்துக்கு இந்த எல்லை மிக அருகில் உள்ளது. பிஎச் 10-இலேயே தனி மக்னீசியம் 0.0006 மோலார் அளவைத் தாண்டினால் ஹைட்ராக்சைடாகப் படிய இடம் உண்டு. மேலே கணக்குக்காக எடுத்துக்கொண்ட 0.01 மோலார் மக்னீசியத்தை அப்படியே பிஎச் 10-க்குக் கொண்டுவந்தால் கரைசல் வெண்மையாகக் கலங்கக்கூடும். எனவே செறிந்த கரைசலை முதலில் நீர்க்கச் செய்கிறார்கள். 0.001 மோலார் அளவில் சமானப் புள்ளியில் தப்பி நிற்கும் மக்னீசியம் 0.23 விழுக்காடாகக் கூடுகிறது; கடினத்தன்மைச் சோதனைக்கு இது ஏற்கத்தக்கதே. கீழே 9.7, மேலே 10-ஐச் சற்றே தாண்டிய இடம் என்று மக்னீசியத்துக்குக் கிடைப்பது குறுகலான இடைவெளி. பிஎச் 10 என்ற எண் அந்த இடைவெளியிலிருந்து வந்தது. அங்கே கால்சியம் கார்பனேட்டும் மெல்லப் படியக்கூடும் என்பதால், தாங்கலைச் சேர்த்த ஐந்து நிமிடத்துக்குள் தரம்பார்த்து முடித்துவிடுவது வழக்கம்.

இந்த மேல் எல்லையைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச்-ஐ 12-க்கு மேல் கொண்டுபோனால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து விலகிவிடும். அப்போது அதற்குரிய வேறொரு நிறங்காட்டியைக் கொண்டு கால்சியத்தை மட்டும் தரம்பார்க்கலாம். மொத்தக் கடினத்தன்மையிலிருந்து அதைக் கழித்தால் மக்னீசியத்தின் பங்கு கிடைக்கும்.

துத்தநாகத்தில் நிலைமை வேறு. அதன் ஹைட்ராக்சைடு பிஎச் 10-இல் படிந்துவிடக்கூடியது. ஆனால் தாங்கலில் உள்ள அம்மோனியா துத்தநாகத்தோடு தானும் அணைவுச் சேர்மமாகி அதைக் கரைசலில் வைத்திருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. அம்மோனியாவிடமிருந்து துத்தநாகத்தை இடிடிஏ பறிக்க வேண்டும். தனி அம்மோனியா 0.1 மோலாராக இருந்தால், இடிடிஏயைச் சேராத துத்தநாகத்தில் 1.8 × 10⁻⁵ பங்குதான் வெறும் அயனியாக நிற்கிறது. இந்தப் பங்கையும் பெருக்கிய பிறகு நிபந்தனை மாறிலி 10^16.5-இலிருந்து 1.7 × 10¹¹-க்கு இறங்குகிறது. தேவைப்படுவது 10⁸ மட்டுமே என்பதால் தரம்பார்த்தலுக்குக் குறையில்லை.

ஒரே குடுவையில் இரண்டு உலோகம்

குறைந்தபட்ச பிஎச் உலோகத்துக்கு உலோகம் வேறுபடுவதால், கலவையில் உள்ளவற்றைப் பிரிக்காமலே தனித்தனியாக அளக்க வழி பிறக்கிறது. பிஸ்மத்தும் ஈயமும் கலந்த கரைசல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிஸ்மத்துக்கு log K 27.8, ஈயத்துக்கு 18.0.

முதலில் நைட்ரிக் அமிலக் கரைசலை பிஎச் 1-இல் நிறுத்துகிறார்கள். அங்கே log α-வின் கழிவு 17.85. பிஸ்மத்தின் log K′ 9.95 என்று நிற்கிறது, எட்டைத் தாண்டிவிட்டது. ஈயத்தின் log K′ வெறும் 0.15, அதாவது இடிடிஏயுடன் அது சேர்வதே இல்லை எனலாம். சைலினால் ஆரஞ்சு நிறங்காட்டி இட்டு இடிடிஏயை ஊற்றினால், சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறும் இடத்தில் பிஸ்மத் முழுவதும் பிடிபட்டிருக்கும். ஈயம் அப்படியே நிற்கும்.

அடுத்து அதே குடுவையில் ஹெக்சமின் சேர்த்து பிஎச்-ஐ 5-க்கும் 6-க்கும் இடைப்பட்டதாக உயர்த்துகிறார்கள். பிஎச் 5-இல் கழிவு 6.54 ஆகக் குறைந்துவிடுவதால் ஈயத்தின் log K′ 11.5 ஆகிவிடுகிறது. நிறங்காட்டி ஈயத்துடன் சேர்ந்து மீண்டும் சிவக்கிறது. தொடர்ந்து இடிடிஏயை ஊற்றினால் இரண்டாவது முறை மஞ்சள் வருகிறது. முதல் மஞ்சள் வரை செலவானது பிஸ்மத்தின் அளவு. அதிலிருந்து இரண்டாவது மஞ்சள் வரை செலவானது ஈயத்தின் அளவு.

வரிசையை மாற்ற முடியாது. தொடக்கத்திலேயே பிஎச் 5-க்குப் போனால் இரண்டு உலோகங்களும் இடிடிஏக்கு உகந்தவையாகிவிடும். கூடவே பிஸ்மத் நீருடன் வினைபுரிந்து வெண்மையாகப் படியத் தொடங்கும். பிஎச் 1-ஐ விட்டு வெகுவாகக் கீழே போனால் பிஸ்மத்தின் நிபந்தனை மாறிலியும் எட்டுக்குக் கீழே இறங்கி முடிவுநிலை மங்கிவிடும். ஆக, ஒரு தரம்பார்த்தலுக்கு உரிய பிஎச்-ஐத் தேர்வது மூன்று கேள்விகளில் அடங்கும்: விரும்பிய உலோகத்தின் log K′ எட்டைத் தாண்டுகிறதா, விரும்பாத உலோகத்தின் log K′ மிகத் தாழ்ந்து நிற்கிறதா, இரண்டும் வீழ்படிவாகாமல் கரைசலிலேயே இருக்கின்றனவா. நிறங்காட்டியும் அந்த பிஎச்-இல் நிறம் மாறக்கூடியதாக இருந்தால் பியூரெட்டைத் திறக்கலாம்.